இங்கிலாந்தில் முழுகாமல் இருப்பவர்களுக்கு: மூன்றாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம்

"மூணு மாசம் நிறையட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்பது நம் வீட்டு வழக்கம். சொந்தக்காரர்களிடம் சொல்லாமல் இருக்கலாம், பேறுகாலம் பார்க்கும் மிட்வைஃபிடம் மட்டும் அப்படி இருந்துவிடாதீர்கள். இங்கே முதல் சந்திப்பு 10 வாரம் முடிவதற்குள் நடக்க வேண்டும். ஜி.பி.யைப் பார்த்துக் கடிதம் வாங்கக் காத்திருக்கவும் வேண்டாம். பல மருத்துவமனைகளில் அவர்கள் இணையப் பக்கத்திலேயே நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

கணக்கு மாதத்தில் இல்லை, வாரத்தில். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். அதனால் நாள் தள்ளிப்போனது தெரியும்போதே 4 வாரம் ஆகிவிட்டிருக்கும். மார்ச் 3 அந்த முதல் நாள் என்றால், 10 வாரம் மே 12 அன்று நிறையும், 40 வாரம் டிசம்பர் 8.

இந்த அவசரம் ஒரு ரத்தப் பரிசோதனைக்காக. முதல் சந்திப்பில் ரத்த வகை, ஆர்.எச்., ஹீமோகுளோபின், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிஃபிலிஸ் எல்லாம் பார்ப்பார்கள். கூடவே பரம்பரையாக வரும் ரத்த நோய்களான தலசீமியாவும் சிக்கிள் செல்லும். தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது, அதனால் தெரியாமலே இருக்கும். தாய் சுமப்பவர் என்று வந்தால் தந்தைக்கும் ரத்தம் எடுப்பார்கள். இருவருமே சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. பிள்ளைக்கு இருக்கிறதா என்று பார்ப்பதும் அதன்பின் முடிவெடுப்பதும் நேரம் பிடிக்கும் வேலை.

என் தங்கை 13-ஆம் வாரத்தில்தான் பதிவு செய்தாள். அவள் சுமப்பவர் என்று வந்தது, மாப்பிள்ளைக்கு எடுத்த ரத்தத்தின் முடிவு வர மேலும் பத்து நாள். அவருக்கு இல்லை என்று தெரிந்தபோது 15-ஆம் வாரம் முடிந்திருந்தது. அந்தப் பத்து நாளும் அவள் சரியாகத் தூங்கவில்லை. ஒரு மாதம் முன்பே போயிருந்தால் முதல் ஸ்கேனுக்கு முன்பே விஷயம் முடிந்திருக்கும்.

அந்த ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள், அடுத்தது 20-ஆம் வாரத்தை ஒட்டி. சிக்கல் எதுவும் இல்லையென்றால் அவ்வளவுதான். மாதாமாதம் ஸ்கேனும் டாக்டர் முகமும் பார்த்துப் பழகியவர்களுக்கு, கவனிக்காமல் விட்டுவிட்டார்களோ என்று தோன்றும். அப்படி இல்லை. தலைப்பிள்ளை என்றால் மொத்தம் பத்து சந்திப்பு வரை, அடுத்த பிள்ளைக்கு ஏழு போல. பெரும்பாலும் மிட்வைஃப்தான் பார்ப்பார். 16, 25, 28, 31, 34, 36, 38 என்று வாரக்கணக்கில் போகும். ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்ப்பார்கள். சிறுநீரில் புரதமும் அழுத்தமும் சேர்ந்து ஏறினால் ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற ஆபத்தான நிலையின் அறிகுறி, அதனால் நன்றாக இருக்கிறேன் என்று எந்தச் சந்திப்பையும் தவறவிடக் கூடாது.

24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை. தெற்காசியர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பதால் நமக்குக் கேட்காமலே தருவார்கள், கடிதம் வராவிட்டால் கேளுங்கள். ராத்திரி சாப்பிட்டபின் தண்ணீர் மட்டும், காலையில் வெறும் வயிற்றில் ரத்தம், பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கலந்த பானம், இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து மறுபடி ரத்தம். முந்தைய நாட்களில் சோற்றைக் குறைத்துக்கொண்டு போகாதீர்கள், வழக்கம்போல் சாப்பிட்டால்தான் முடிவு உண்மையாக இருக்கும். வெறும் வயிற்றில் 5.6, இரண்டு மணி நேரத்துக்குப் பின் 7.8, இதில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்பார்கள். இங்கே அலகு வேறு, ஊர்க் கணக்குக்கு 18-ஆல் பெருக்குங்கள்: 101, 140.

ஹீமோகுளோபினிலும் இதே குழப்பம் வரும். 28-ஆம் வாரத்தில் அதை மறுபடி பார்ப்பார்கள். தாளில் 102 என்று இருந்தால் ஊர் லேப் சொல்லும் 10.2 அது. அந்தக் கட்டத்தில் 105-க்குக் கீழே என்றால் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். காபி, டீயோடு சேர்த்து விழுங்கினால் சத்து ஒட்டாது. ரத்த வகை நெகட்டிவ் என்றால் 28-ஆம் வாரத்தை ஒட்டி ஆன்டி-டி ஊசியும் உண்டு.

ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம், பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கணவரை மொழிபெயர்க்க விட வேண்டாம், தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகளும் மிட்வைஃபிடம் இருக்கும்.

பிள்ளை அசைவது குறைந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்கக் கூடாது. நடுராத்திரி ஆனாலும் மகப்பேற்றுப் பிரிவுக்கு ஃபோன் செய்யுங்கள், எண் உங்கள் குறிப்பேட்டில் இருக்கும். 40 வாரம் தாண்டியும் வலி வராவிட்டால் 41-ஆம் வாரத்தை ஒட்டி வலி தூண்டுவது பற்றி அவர்களே பேசுவார்கள்.