‘சிறு திருத்தம்’ என்று எழுதி நான் பட்ட பாடு: திருத்திய லாபக் கணக்கோடு போகும் கடிதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்துக்கும் குலசேகரத்துக்கும் இடையில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் வியாபாரி ஒருவருக்குப் பல வருடமாக நான் கணக்கு எழுதுகிறேன். ஒரு வருடம் ஏப்ரல் கடைசியில் அவருக்கு வரைவு லாப நட்டக் கணக்கை அனுப்பினேன். நிகர லாபம் 7,42,000 ரூபாய். இரண்டு வாரம் கழித்துத் திருத்திய வரைவை அனுப்பினேன். லாபம் 7,31,300. கூடவே வைத்த கடிதத்தில் இரண்டே வரி: “சில சிறு திருத்தங்கள் செய்யப்பட்டுள்ளன. நிகர லாபம் ரூ.10,700 குறைந்துள்ளது.”

அவர் போனில் சொன்னார்: “பத்தாயிரம்தானே சாரே, அதுக்கு என்ன, பரவாயில்ல.” கையிலிருந்த பழைய வரைவையே, சரக்கின் பேரில் எடுக்கும் கடன் லிமிட்டைப் புதுப்பிக்க வங்கியில் கொடுத்துவிட்டார். புது வரைவு ஆண்டறிக்கையோடு பின்னால் போய்ச் சேர்ந்தது. வங்கி அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டார். அவருக்குப் பதில் தெரியவில்லை. தெரியும்படி நான் எழுதவில்லை. (அவரை அடையாளம் காண முடியாதபடி தொகைகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

அந்த 10,700-க்குள் நான்கு திருத்தங்கள் இருந்தன. சரக்கு மதிப்பில் 84,000 குறைந்தது. வண்டிக் கடன் தவணையில் 46,300 லாபத்தில் கூடியது. தேய்மானம் 48,000 புதிதாகச் சேர்ந்து லாபத்தைக் குறைத்தது. வீட்டுச் செலவு 75,000 கடைச் செலவிலிருந்து வெளியே வந்ததால் அந்த அளவு லாபம் கூடியது. மொத்தம் இரண்டரை லட்சத்துக்கு மேல் எண்கள் இடம் மாறியிருக்கின்றன. கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்றுவிட, மிஞ்சியது பத்தாயிரம். மிச்சத்தை மட்டும் சொல்வதுதான் இந்தக் கடிதத்தில் செய்யக்கூடிய முதல் தவறு. என் கணக்கில் பெரிய தவறும் அதுதான். வண்டித் தவணையையும் தேய்மானத்தையும் சேர்த்து ‘வண்டி வகையில் ரூ.1,700 குறைவு’ என்று எழுத எனக்கு அப்போது ஆசைகூட வந்தது. இரண்டும் ஒரே வண்டியைப் பற்றியவை என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியாக, பழைய எண், புது எண், லாபம் கூடியதா குறைந்ததா என்று எழுத வேண்டும். நிகர வித்தியாசம் கடைசியில் ஒரு வரியில் வந்தால் போதும்.

சரக்குக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் ரப்பர் வியாபாரத்தில் அடிக்கடி கேள்வி வருவது இங்கேதான். மார்ச் 31 அன்று கிட்டங்கியில் 4,200 கிலோ ஷீட் இருந்தது. முதல் வரைவில் அதைக் கிலோ 190 ரூபாய் என்று போட்டு 7,98,000 எழுதியிருந்தோம். அந்த 190 அன்றைய விற்பனை விலை. சரக்கை அடக்க விலை, விற்றால் செலவு போகக் கையில் வரக்கூடிய தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதில்தான் போட வேண்டும். அவர் அந்த ஷீட்டில் பெரும்பகுதியை ஜனவரியில், வரத்து அதிகமாக இருந்தபோது வாங்கி அடுக்கியவர். கொள்முதல் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தால் சராசரி அடக்கம் கிலோ 170. மரம் இலையுதிர்த்து பால்வெட்டு நிற்கும் பிப்ரவரி, மார்ச்சில் வரத்து சுருங்கி விலை ஏறியது. அந்த ஏற்றத்தின் லாபம் விற்ற பிறகுதான் வரும். விற்காத சரக்கில் இந்த வருடமே அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே 4,200 கிலோ 7,14,000 ஆனது.

கடிதத்தில் இவ்வளவையும் எழுத வேண்டாம். ஆனால் இரண்டு விஷயத்தை விடக் கூடாது. ஒன்று, எடை மாறவில்லை, விலை மட்டும்தான் மாறியது என்பது. ஷீட் அடுக்கி வைத்திருக்கும்போது ஈரம் காய்ந்து எடை இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். ரப்பர் வாரியத்துக்குக் காட்டும் இருப்பும் கிலோவில்தான். ‘சரக்கு 84,000 குறைந்தது’ என்று மட்டும் படித்தால் அவர் மனது நேராகக் கிட்டங்கிக்குப் போகும்: யார் எடுத்தார்கள் என்று. இரண்டாவது, அந்த 84,000 எங்கும் போய்விடவில்லை என்பது. இந்த வருடத்தின் இறுதிச் சரக்குதான் அடுத்த வருடத்தின் தொடக்கச் சரக்கு. இங்கே குறைத்தால் அங்கே அடக்கம் குறைந்து, அதே தொகை அடுத்த வருட லாபத்தில் கூடும். இந்த ஒரு வாக்கியம் இல்லாத கடிதம் வாசிப்பவரை வீணாகப் பதற வைக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2024 ஆகஸ்ட்டில் ஆர்.எஸ்.எஸ். 4 ரக ஷீட் கிலோ 240 ரூபாயைத் தாண்டி, சில மாதத்திலேயே 200-க்குக் கீழே இறங்கியது. உச்சத்தில் வாங்கி மார்ச் வரை வைத்திருந்தவர் அடக்க விலையில் காட்ட முடியாது. இறங்கிய விலையில்தான் காட்ட வேண்டும். ‘சரக்கை எப்போதும் அடக்க விலையில் காட்ட வேண்டும்’ என்று கடிதத்தில் பொத்தாம் பொதுவாக எழுதி வைத்தால், விலை இறங்கிய வருடத்தில் அதே கடிதத்தை நீட்டி உங்களையே கேள்வி கேட்பார்கள்.

அடுத்தது வண்டித் தவணை. நவம்பரில் 6,40,000 ரூபாய்க்குச் சரக்கு வண்டி எடுத்தார், அதில் 5 லட்சம் கடன். மாதம் 16,000 வீதம் நான்கு தவணை, 64,000. கடையில் கணக்கு எழுதும் பையன் முழுவதையும் வட்டி என்று போட்டுவிட்டான். வங்கி தந்த கடன் அறிக்கையைப் பார்த்தால் வட்டி 17,700 மட்டும். மீதி 46,300 அசல். அசல் கட்டுவது செலவல்ல, கடன் குறைவது. ‘தவணையில் அசல் பகுதி மறுவகைப்படுத்தப்பட்டது’ என்று கணக்கர் மொழியில் எழுதினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. அவர் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: “பணம் போயாச்சே சாரே, பின்னே எப்படி லாபம் கூடும்?” நியாயமான கேள்வி. கடிதமே முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்: பணம் போனது உண்மை, அதற்கு ஈடாக உங்கள் கடன் 46,300 குறைந்திருக்கிறது, வண்டியின் விலை தேய்மானமாகத்தான் செலவில் வரும். இந்த வண்டிக்குத் தேய்மானம் 15 சதவீதம். ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை 180 நாளுக்குக் குறைவாகவே ஓடியதால் பாதி விகிதம், 7.5 சதவீதம். அதுதான் 48,000. முதல் வரைவில் இது விட்டுப்போயிருந்தது.

வீட்டுச் செலவு 75,000 பற்றி எழுதும்போது மட்டும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். அது மகளின் கல்லூரிக் கட்டணம். கடைக் கணக்கிலிருந்து கட்டி ‘இதர செலவு’ என்று எழுதியிருந்தார்கள். நம் கடிதங்கள் கடை மேசையில் தராசுக்குப் பக்கத்தில் திறந்தே கிடக்கும், எல்லோரும் படிப்பார்கள். ‘சொந்த எடுப்பு, விவரம் நேரில்’ என்று எழுதினால் போதும்.

யார் தவறு என்பதை மறைப்பதும் ஒரு பழக்கம். ‘தவறு நேர்ந்துள்ளது’ என்ற வாக்கியத்தில் ஆளே இல்லை. 190 என்ற விலையை எடுத்தது நான், அவர் வங்கிக்குக் கொடுத்த சரக்கு அறிக்கையிலிருந்து. தேய்மானத்தை விட்டதும் நான். தவணையும் கட்டணமும் கடைப் பக்கத்தில் நடந்தவை. இதைச் சாதாரணமாக எழுதிவிட்டால் பையனுக்குத் தேவையில்லாமல் திட்டு விழாது, அடுத்த வருடம் எங்கே கவனிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

இனி வங்கி விஷயம். பழைய எண் வேறு யாரிடம் போயிருக்கிறது என்று கேட்காமல் திருத்திய கணக்கை அனுப்பக் கூடாது. மார்ச் மாதச் சரக்கு அறிக்கையில் 7,98,000 என்று வங்கியில் இருக்கிறது. சரக்கு மதிப்பில் 25 சதவீதத்தை மார்ஜினாகக் கழித்துக்கொண்டுதான் வங்கி கடன் தரும் என்றால், சரக்கு 84,000 குறையும்போது அவர் எடுக்கக்கூடிய தொகை 63,000 குறையும். லிமிட்டை முழுக்க எடுத்து வைத்திருப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை. வங்கி கண்டுபிடிப்பதற்கு முன் அவரே போய்ச் சொல்வது நல்லது, அதற்கு அவர் கையில் காரணம் எழுதிய தாள் வேண்டும். அப்புறம், இரண்டு வரைவிலும் தேதி இல்லாமல் ‘வரைவு’ என்று மட்டும் இருந்தால் எது புதியது என்று யாருக்குத் தெரியும்? வாட்ஸ்அப்பில் போன பிடிஎஃப்பின் பெயரில்கூடத் தேதி இருக்கட்டும்.

அந்தக் கடிதத்தை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்:

“ஐயா, இத்துடன் மே 12 தேதியிட்ட திருத்திய வரைவு உள்ளது. ஏப்ரல் 28 வரைவை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம். லாபம் 7,42,000-இலிருந்து 7,31,300 ஆகியுள்ளது. வித்தியாசம் சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே நான்கு மாற்றங்கள்.

சரக்கு: எடை அதே 4,200 கிலோ. விலையை விற்பனை விலை 190-க்குப் பதில் அடக்க விலை 170 ஆக மாற்றினேன். முதலில் எடுத்த விலை என் தவறு. லாபம் 84,000 குறைவு. இது அடுத்த வருட லாபத்தில் திரும்ப வரும்.

வண்டிக் கடன்: 64,000 தவணையில் வட்டி 17,700 மட்டுமே செலவு. மீதி 46,300 உங்கள் கடனைக் குறைத்தது. லாபம் அந்த அளவு கூடுதல்.

வண்டித் தேய்மானம்: நான் விட்டது. அரை விகிதத்தில் 48,000. லாபம் அந்த அளவு குறைவு.

சொந்த எடுப்பு: 75,000. லாபம் அந்த அளவு கூடுதல். விவரம் நேரில்.

மார்ச் சரக்கு அறிக்கையில் பழைய விலை வங்கிக்குப் போயுள்ளது. வேறு யாருக்காவது பழைய வரைவு கொடுத்திருந்தால் சொல்லுங்கள். மார்ச் 31 எடைச் சீட்டில் உங்கள் கையெழுத்து இன்னும் வரவில்லை. அது வந்த பிறகே இந்த எண்கள் இறுதியாகும்.”

எடைச் சீட்டைப் பற்றிய அந்தக் கடைசி வரியை எழுத எனக்கே தயக்கமாக இருந்தது, குறை சொல்வது போல இருக்குமே என்று. மறுவருடம் எழுதினேன். சீட்டு மூன்றாம் நாளே வந்தது, ஓரத்தில் அவர் கையெழுத்தில், கழிவு ரப்பரைப் பற்றி ஒரு குறிப்போடு: ‘ஒட்டுப்பால் 310 கிலோ இதில் சேர்க்கவில்லை.’ திரும்பவும் திருத்தினேன்.