மோர் பெட்டர், மோஸ்ட் ஈஸியஸ்ட்: அந்த 'இன்னும்' எங்கே போகும்?

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்திருந்த தங்கை மகள், எங்கள் வயலைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் காட்டினாள். 'ஏடிடீ 43 ரைஸ் இஸ் மோர் ஃபைனர் தேன் சிஆர் 1009' என்பது முதல் வரி. விஷயம் சரிதான். ஆடுதுறை 43 சன்ன ரகம், சிஆர் 1009 மோட்டா. ஆங்கிலத்தில்தான் கோளாறு.

தமிழில் 'சன்னம்' என்ற சொல் எங்கேயும் மாறாது. ஒப்பிடுகிற வேலையை 'விட' பார்த்துக்கொள்கிறது: சிஆர் 1009ஐ விடச் சன்னம். ஆங்கிலத்தில் அந்த வேலை இரண்டாகப் பிரிகிறது. 'தேன்' ஒரு பாதியைச் செய்கிறது. மறுபாதியைச் செய்வது சொல்லின் வாலில் வரும் 'அர்', அல்லது முன்னால் நிற்கும் 'மோர்'. இரண்டில் ஒன்றுதான் வரலாம். 'ஃபைனர்' என்றதுமே வேலை முடிந்துவிட்டது. 'பெட்டர்', 'வொர்ஸ்' எல்லாம் 'குட்', 'பேட்' என்ற மூலச் சொல்லே தெரியாமல் உருமாறியவை, அதனால்தான் அவற்றில் அதிகம் சறுக்குகிறோம்.

"அப்போ 'இன்னும் நல்லா இருக்கு'ன்னு சொல்றோமே மாமா, அந்த 'இன்னும்' எங்கே போகும்?" என்றாள். நல்ல கேள்வி. பிழையின் வேரே அங்கேதான். நம் 'இன்னும்' அழுத்தத்துக்கு வருவது. அதை 'மோர்' என்று பெயர்த்துவிடுகிறோம். அழுத்தம் வேண்டுமானால் 'ஈவன் பெட்டர்', ரொம்ப வித்தியாசம் என்றால் 'மச் பெட்டர்', கொஞ்சம்தான் என்றால் 'எ லிட்டில் பெட்டர்'. அவள் வரியை 'மச் ஃபைனர் தேன்' என்று மாற்றிக்கொண்டாள்.

அடுத்த பத்தியில் 'மோஸ்ட் ஈஸியஸ்ட் க்ராப்' என்று உளுந்து வந்தது. எங்கள் பக்கம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள் ஈரம் காய்வதற்குள் உளுந்தைத் தெளித்துவிடுவோம். உழவு கிடையாது. அதைத்தான் 'இருப்பதிலேயே சுலபம்' என்கிறாள். அந்த 'இருப்பதிலேயே' முழுவதும் 'தி ஈஸியஸ்ட்' என்பதற்குள் அடங்கிவிடும். மற்ற பயிரோடு ஒப்பிடாமல் வெறுமனே 'ரொம்பச் சுலபம்' என்று சொல்ல நினைத்தால் 'வெரி ஈஸி' போதும்.

வால் எப்போது, மோர் எப்போது என்பதைக் காதே சொல்லும். ஒரே அசையில் முடிகிற 'சீப்', 'ஃபாஸ்ட்' போன்றவை வால் ஏற்கும். 'ஈஸி', 'ஹெவி' போல இரண்டசையாகி 'இ' ஒலியில் முடிபவையும் பெரும்பாலும் அப்படியே. 'எக்ஸ்பென்சிவ்', 'டிஃபிகல்ட்' போன்ற நீளமானவற்றுக்கு முன்னால் 'மோர்' நிற்கும். 'காமன்', 'நேரோ' போன்ற சில இரண்டசைச் சொற்களுக்கு எது போட்டாலும் சரி. சேர்த்துப் போடாத வரைக்கும்.

நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இப்படி இரட்டையாகப் போட்டு எழுதுவது சகஜம். பிற்பாடு இலக்கணக்காரர்கள்தான் அதைத் தவறு என்று ஒதுக்கினார்கள். இதைச் சொன்னதும் அவள், "அப்போ நான் பழைய ஆங்கிலத்துல எழுதியிருக்கேன்னு டீச்சர்கிட்ட சொல்லிடட்டுமா?" என்றாள். மார்க் போகும் என்றேன்.