கட்டிங்கில் எடையைக் குறைக்காதீர்கள், செட்டைக் குறையுங்கள்

அப்பர் இரண்டு நாள், லோயர் இரண்டு நாள் என்று ஒழுங்காகத் தூக்கிக்கொண்டிருப்பவர், கொழுப்பைக் குறைக்க முடிவெடுத்ததும் முதலில் செய்யும் தப்பு, பாரில் இருக்கும் எடையைப் பாதியாக்கி 20 ரெப் போடுவதுதான். "அப்பதான் கட் விழும்" என்று சென்னையில் எந்த ஜிம்முக்குப் போனாலும் யாராவது சொல்வார்கள். கொழுப்பு கரைவது நீங்கள் சாப்பிடும் அளவால். உள்ள தசையை விடாமல் வைத்திருக்க உடம்புக்கு ஒரு காரணம் வேண்டும், கனமான எடைதான் அந்தக் காரணம். அதையும் எடுத்துவிட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும்.

இதற்கு நேரெதிர் தப்பும் உண்டு. சாப்பாட்டைக் குறைத்துவிட்டு, செட்டுகளை மட்டும் பழையபடியே இழுப்பது. 78 கிலோ உள்ள ஒருவர் பெஞ்ச் பிரஸ்ஸில் 80 கிலோவை 6 ரெப் வீதம் 4 செட், அப்புறம் இன்க்ளைன் டம்பெல் 3 செட் என்று திங்களும் வியாழனும் செய்கிறார் என்று வையுங்கள். நெஞ்சுக்கு வாரத்துக்கு 14 செட். தினமும் 400 கலோரி குறைவாகச் சாப்பிடும்போது உடம்பு இதிலிருந்து தேறிவர முடியாமல் திணறும். 80 கிலோவைத் தொடாமல் பெஞ்சை 3 செட்டாகவும் இன்க்ளைனை 2 ஆகவும் ஆக்கினால் வாரத்துக்கு 10 செட், இருப்பதைக் காப்பாற்ற அது போதும்.

செவ்வாயும் வெள்ளியும் லோயர். நடுவில் புதன்கிழமை சும்மா இருக்கிறதே என்று பெசன்ட் நகர் மணலில் ஓடப் போகிறவர்களைப் பார்க்கிறேன். மணலில் ஓடினால் கெண்டைக்காலும் பின்தொடையும் படும் பாடு தார் ரோட்டில் ஓடுவதைவிட அதிகம், வெள்ளிக்கிழமை ருமேனியன் டெட்லிஃப்ட் சோர்ந்துபோவது அதனால்தான். கலோரி செலவாக வேண்டுமென்றால் முக்கால் மணி நேரம் நடங்கள், கால் அதைத் தாங்கும்.

சரி, தசை போகிறதா என்று எப்படித் தெரியும்? ஒருநாள் 6 ரெப் 5 ஆனால் பதறாதீர்கள். மே மாதத்தில் ஏசி இல்லாத ஜிம்மில் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் வியர்வையாகவே போய்விடும், கடைசி செட் விழுவது பெரும்பாலும் அதனால்தான். முன்னும் பின்னும் எடை பார்த்தால் தெரிந்துவிடும், தண்ணீரும் கொஞ்சம் உப்பும் போதும். ஆனால் இரண்டு வாரமாக ரெப் இறங்கிக்கொண்டே இருந்து, உடல் எடையும் வாரம் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தால் (முதல் வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது நிறைய தண்ணீர்), அளவுக்கு மீறிக் குறைத்துச் சாப்பிடுகிறீர்கள். பயிற்சிக்கு முந்தைய வேளையில் 150 முதல் 200 கலோரிவரை, சுமார் ஒரு கப் சோறு, கூட்டுங்கள்.

கூடவே புரதத்தையும் பாருங்கள். இந்த 78 கிலோக்காரருக்கு நாளைக்கு 125 கிராமாவது வேண்டும். காலையில் நாலு இட்லியும் சாம்பாரும் அதில் 15 கிராமைத் தாண்டாது, அதனால் மூன்று முட்டையையாவது கூடச் சேர்க்க வேண்டும், சைவமென்றால் மதியம் மீல் மேக்கர்.