“நூறு வெள்ளி கட்டுங்க, கேஸை நிறுத்தி வைக்கிறோம்”

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்காவுக்குப் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வந்தது. பழைய பேங்க் கடனைத் தாங்கள் வாங்கிவிட்டதாகவும், 7,460 வெள்ளி பாக்கி என்றும், கட்டாவிட்டால் திவால் என்றும் ஒரு வசூல் கம்பெனி எழுதியிருந்தது. தோட்டத்தில் வேலை செய்தபோது அவர் கடன் வாங்கியது உண்மைதான். கடைசியாகக் கட்டியது 2016 மார்ச்சில்.

பயந்துபோய் நூறு வெள்ளி அனுப்பக் கிளம்பினார். இதுதான் முதல் தவறு. தீபகற்ப மலேசியாவில் 1953-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட ஆறு வருடம்தான் அவகாசம். ஆனால் சிறு தொகை கட்டினாலும், “பாக்கி இருக்கிறது, மெதுவாகக் கட்டுகிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும், அந்த ஆறு வருடம் அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கிவிடும். நூறு வெள்ளியை ஏன் அவ்வளவு கெஞ்சிக் கேட்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

திவால் மிரட்டலும் வெத்துவேட்டு. ஒரு லட்சம் வெள்ளிக்குக் குறைந்த கடனுக்குத் திவால் மனு போட முடியாது.

அடுத்த தவறு, கடிதத்திலேயே இருக்கும் நம்பருக்குப் போன் பண்ணி “உண்மையா?” என்று கேட்பது. ஆமாம் என்றுதானே சொல்வார்கள்! அக்காவை ஐசியோடு பழைய பேங்க் கிளைக்கே அனுப்பினோம். கணக்கு விற்கப்பட்டதா, யாருக்கு, எந்தத் தேதியில் என்று கேட்கச் சொன்னோம். பேங்க் நெகாராவின் eCCRIS கடன் அறிக்கையையும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அதில் இல்லை என்பதால் கடனே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், விற்ற கணக்கு அதில் தெரியாமலும் போகலாம்.

கம்பெனிக்கு எழுத்தில்தான் பதில் போனது: “இந்தக் கோரிக்கையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பேங்க் கையெழுத்திட்ட உரிமை மாற்றக் கடிதம், என் ஒப்பந்த நகல், கடைசியாகப் பணம் கட்டிய தேதியும் வட்டியும் தெரியும் கணக்கு விவரம் அனுப்புங்கள். ஏற்கெனவே தீர்ப்பு இருந்தால் வழக்கு எண் தாருங்கள்.” அந்தக் கடைசி வரியை விடக்கூடாது. தீர்ப்பு வாங்கியிருந்தால் ஆறு வருடக் கணக்கு செல்லாது, அதை நிறைவேற்றப் பன்னிரண்டு வருடம் உண்டு.

கம்பெனி கடனை வாங்காமல், பேங்க் சார்பில் வசூலிக்க மட்டும் வந்திருக்கவும் கூடும். அப்போது கடன் இன்னும் பேங்குடையது, பணமும் பேங்க் கணக்குக்கே போகவேண்டும். தனியாள் பெயரிலுள்ள கணக்கைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அக்காவுக்குக் கணக்கு விவரம் வந்தது, 2016 மார்ச் என்றுதான் அதிலும் இருந்தது. பேங்கின் உரிமை மாற்றக் கடிதம் வரவேயில்லை. “அப்ப இனி கவலை இல்லையா தம்பி?” என்றார். சம்மன் வந்தால் மட்டும் மேசையில் போட்டு வைக்காதீங்க அக்கா என்றேன். காலம் கடந்த கடன் என்பதை நீதிமன்றம் தானாகப் பார்க்காது. நாம்தான் எதிர்வாதத்தில் எழுப்ப வேண்டும்.