அமைதியான கம்ப்யூட்டருக்கு: தெர்மல் பேஸ்ட்டிலும் கூலர் தேர்விலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே குரல் பதிவு செய்யும் நண்பர் ஒருவர், ரைசன் 7 7700 பிராசசரும் ஒற்றைக் கோபுர ஏர் கூலரும் கொண்ட தம் கம்ப்யூட்டர், பிரவுசரைத் திறந்தாலே இரைகிறது என்று சலித்துக்கொண்டு, 240 மி.மீ. லிக்விட் கூலர் ஒன்றை வாங்கி மாட்டினார். இரைச்சல் அப்படியே இருந்தது. கூடவே பம்ப்பின் மெல்லிய ரீங்காரமும் மைக்கில் பதிவாகத் தொடங்கியது. (ஏர் கூலர் என்றதும் கோடையில் அறையில் வைக்கும் பெட்டியை நினைக்க வேண்டாம், இங்கே அது பிராசசரின் மேல் அமரும் உலோகத் தகடுகளையும் ஃபேனையும் குறிக்கிறது.)

அவர் செய்த முதல் தவறு, இரைச்சலுக்குக் காரணம் எது என்று பார்க்காமலேயே பொருளை மாற்றியதுதான். பிராசசரின் சில்லு மிகச் சிறியது என்பதால், ஒரு நிரலைத் திறக்கும் ஓரிரு நொடிகளில் அதன் வெப்பநிலை 45 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குத் தாவிவிட்டு உடனே இறங்கிவிடும். மதர்போர்டு அந்தத் தாவலைப் பின்தொடர்ந்து ஃபேன் வேகத்தை ஏற்றி இறக்குவதைத்தான் நம் காது இரைச்சலாக உணர்கிறது. ஒரே சீராக ஓடும் ஃபேனைக் காது விரைவில் மறந்துவிடும். பயாஸில் ஃபேன் வேகப் பகுதிக்குச் சென்று, 70 டிகிரி வரை வேகம் ஏறாதபடி, வெப்பநிலைக்கேற்ற வேகத்தைக் காட்டும் வரைபடக் கோட்டைத் தட்டையாக்கி, வேகம் மாறுவதற்குச் சில நொடித் தாமதமும் கொடுத்ததும் அவர் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. லிக்விட் கூலரின் ஃபேன்களும் பிராசசர் வெப்பநிலையைப் பார்த்தே ஓடியதால்தான் பழைய கூச்சல் புதிய கூலரிலும் தொடர்ந்தது.

பேஸ்ட் விஷயத்தில், அது வெப்பத்தைச் சிறப்பாகக் கடத்தும் பொருள் என்று எண்ணிக் கனமாகப் பூசுகிறார்கள். செம்போடு ஒப்பிட்டால் நல்ல பேஸ்ட்கூடப் பல பத்து மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். ஆனால் காற்றைவிட அது நூற்றுக்கணக்கான மடங்கு மேல். எனவே பிராசசரின் மூடி, கூலரின் அடி ஆகிய இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்காமல் நிரப்புவது மட்டுமே அதன் வேலை. இருந்தாலும், மிகுந்த பேஸ்ட்டைவிடக் குறைந்த பேஸ்ட்டே அதிகம் கெடுக்கும், ஏனெனில் மிகுந்தது திருகின் அழுத்தத்தில் பிதுங்கி வெளியேறிவிடும், குறைந்ததோ ஒரு மூலையைக் காயவிட்டுவிடும். ரைசன் 7000 வரிசையில் வெப்பம் உண்டாக்கும் சில்லு மூடியின் நடுவில் இல்லாமல் ஓரமாக இருப்பதால், நடுவில் ஒரு சிறு பொட்டு மட்டும் வைப்பது போதாது. நடுவில் பட்டாணி அளவும் நான்கு மூலைகளிலும் கடுகைவிடச் சற்றுப் பெரிய புள்ளிகளும் வைப்பது நல்லது.

அதைவிடப் பெரிய பிழைகள் திருகும்போது நேர்கின்றன. கூலரின் அடிப்பரப்பில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையை உரிக்க மறப்பது நான் நேரில் பார்த்ததுதான். ஒரு திருகை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் சென்றால் கூலர் சாய்ந்து, பேஸ்ட் ஒரு பக்கமே பரவும். எதிரெதிர் திருகுகளைச் சில சுற்றுகளாக மாறி மாறி இறுக்க வேண்டும். ஒரு முறை அமர்த்திய கூலரைத் தூக்கிவிட்டால், ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் இரு பக்கமும் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். ஏஎம்4 சாக்கெட் கொண்ட பழைய மதர்போர்டுகளில் கூலரை அப்படியே இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரக்கூடும். பத்து நிமிடம் வேலை கொடுத்துச் சூடாக்கி, கம்ப்யூட்டரை அணைத்த பின், கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பி அசைத்துக் கழற்ற வேண்டும்.

பூச்சு சரியா என்று அறிய, கடும் வேலை கொடுத்துச் சில நிமிடங்கள் கழித்துக் கூலரின் தகடுகளைத் தொட்டுப் பாருங்கள். பிராசசர் 95 டிகிரியில் நிற்க, தகடுகள் வெதுவெதுப்பாகவே இருந்தால், வெப்பம் கூலருக்கு வந்து சேரவில்லை, அதாவது பூச்சிலோ அழுத்தத்திலோ குறை இருக்கிறது. தகடுகளும் நன்றாகச் சுட்டால் பூச்சைக் குறை சொல்ல முடியாது; கேஸின் காற்றோட்டத்தையோ கூலரின் அளவையோதான் பார்க்க வேண்டும்.

இனித் தேர்வு. ரைசன் 7 7700 அதிகபட்சம் 88 வாட் மட்டுமே இழுக்கும், 120 மி.மீ. ஃபேன் கொண்ட நல்ல கோபுரக் கூலர் அதை அடங்கிய வேகத்திலேயே சமாளிக்கும். வாங்கும் முன் கேஸ் எத்தனை மி.மீ. உயரக் கூலரை ஏற்கும் என்று அளந்துகொள்ளுங்கள். 253 வாட் வரை செல்லும் கோர் ஐ9 14900கே போன்றவற்றை மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓட்டுபவருக்கே லிக்விட் கூலரின் பெரிய ரேடியேட்டர் பயன் தரும். அப்போதும் பம்ப்பைவிட ரேடியேட்டரின் மேல்முனை உயரமாக இருக்க வேண்டும். இல்லையேல் காற்றுக்குமிழ்கள் பம்ப்பில் சேர்ந்து களகளவென்று சத்தமிடும். நண்பர் லிக்விட் கூலரைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய கோபுரத்தையே ஐந்து புள்ளிகளோடு மீண்டும் மாட்டிக்கொண்டார்.