பிரீமியத்தில் ஸ்டாப்பா, பங்கு விலையில் ஸ்டாப்பா: ஆப்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்கு வாங்கினால் ஸ்டாப் லாஸ் வைப்பதில் குழப்பம் இல்லை. 500-ல் வாங்கி 475-ல் ஸ்டாப் வைத்தால், பங்கு 475-க்கு வரும்போது ஆர்டர் கிளம்பும். ஆப்ஷனில் அப்படி இல்லை. அங்கே இரண்டு விலைகள் ஓடுகின்றன: ஒன்று பங்கின் விலை, இன்னொன்று ஆப்ஷனின் விலையான பிரீமியம். எதில் ஸ்டாப் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து எப்போது வெளியேறுவோம், எவ்வளவு இழப்போம் என்பதே மாறிவிடும். நடுவே வர்த்தகமே நடக்காமல் விலை தாவும் கேப் விழுந்தால் இரண்டுமே கை கொடுக்காது.

ஒரே எடுத்துக்காட்டைக் கடைசி வரை கொண்டுபோவோம். பங்கு 500-ல் இருக்கிறது. 500 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷன், எக்ஸ்பைரிக்கு 30 நாள், இம்ப்ளைட் வாலட்டிலிட்டி (இனி ஐவி) 40 சதவீதம். வட்டியையும் டிவிடெண்டையும் ஒதுக்கிவிட்டு பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்டால் பிரீமியம் சுமார் 22.9 வரும். 475 உடைந்தால் தன் கணிப்பு தவறு என்பது வாங்குபவரின் எண்ணம்.

தவறு 1: "பாதி பிரீமியம் போனால் வெளியே"

மிகப் பரவலான வழக்கம் இது. 22.9-க்கு வாங்கி 11.4-ல் ஸ்டாப். வாங்கிய அன்றே பங்கு சரிந்தால் இது ஓரளவு சரியாகவே வேலை செய்யும்: பிரீமியம் 11.4-க்கு வரப் பங்கு ஏறக்குறைய 473-க்கு இறங்க வேண்டும். அதாவது 475 என்ற எண்ணத்துக்கு மிக அருகில். இந்தப் பொருத்தத்தைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அது முதல் நாளுக்கு மட்டுமே உண்மை.

பத்து நாள் கழித்து அதே ஆப்ஷனைப் பாருங்கள். இன்னும் 20 நாள் இருக்கிறது, ஐவி 30-க்கு இறங்கிவிட்டது. பங்கு அதே 500-ல் இருந்தாலும் பிரீமியம் 14-தான். இப்போது 11.4-ஐத் தொடப் பங்கு 495-க்கு வந்தாலே போதும். பதினைந்து நாள் கழித்து ஐவி 28 என்றால், பங்கு ஒரு புள்ளிகூட நகராமல் 500-லேயே நிற்கும்போது பிரீமியம் 11.3. ஸ்டாப் அடித்துவிடும். கணிப்பு தவறு என்று பங்கு சொல்லவே இல்லை. நாட்கள் ஓடியதும் ஐவி இறங்கியதும் சேர்ந்து வெளியே தள்ளிவிட்டன.

காரணம் எளிது. பிரீமியம் ஒரே நேரத்தில் மூன்றைச் சுமக்கிறது: பங்கின் விலை, மீதமுள்ள நாட்கள், ஐவி. பிரீமியத்தில் வைத்த ஸ்டாப் இந்த மூன்றில் எது நகர்ந்தாலும் நகரும். பங்கு எங்கே உடைந்தால் வெளியேறுவது என்று யோசித்துவிட்டு ஸ்டாப்பைப் பிரீமியத்தில் வைப்பது, யோசித்ததும் செய்ததும் வேறாகிவிடும் இடம்.

பிரீமியம் ஸ்டாப்பே கூடாது என்பதல்ல. ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள் முடிக்கும் வர்த்தகத்தில், நன்றாகக் கைமாறும் ஸ்ட்ரைக்கில் அது போதுமானது. அந்த நேரத்துக்குள் காலம் ஓடுவதால் வரும் பிரீமியத் தேய்மானம் சிறிது, ஐவியும் பெரும்பாலும் அதிகம் நகராது. எக்ஸ்பைரி நாள் மட்டும் இதற்கு விலக்கு, அன்று தேய்மானமே பெரிது.

டெல்டாவைக் கொண்டு, அதாவது பங்கு ஒரு புள்ளி நகர்ந்தால் பிரீமியம் எவ்வளவு நகரும் என்ற அளவைக் கொண்டு, மாற்றிக் கணக்கிடுபவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. பங்கு 25 புள்ளி இறங்கினால், டெல்டா 0.52, ஆகவே பிரீமியம் 13 குறைந்து 9.9 ஆகும் என்று போடுகிறார்கள். இறங்க இறங்க டெல்டாவும் குறைவதால் உண்மையில் 475-ல் பிரீமியம் 12 இருக்கும். 9.9-ல் ஸ்டாப் வைத்தவர் பங்கு 469 வரை போகும்வரை உள்ளேயே இருப்பார்.

தவறு 2: பங்கு விலையில் ஸ்டாப் வைத்துவிட்டு நஷ்டத்தை அறிந்ததாக நினைப்பது

சரி, ஸ்டாப்பைப் பங்கிலேயே வைக்கலாம்: பங்கு 475-ஐத் தொட்டால் கால் ஆப்ஷனை விற்கச் சொல்லும் கண்டிஷனல் ஆர்டர். இது கணிப்பை நேர்மையாகக் காக்கும். ஆனால் இழக்கப்போகும் தொகையைச் சொல்லாது.

முதல் நாளே 475 வந்தால் கால் 12-க்குப் போகும், நஷ்டம் 10.9. அதே 475 பதினைந்தாம் நாளில், ஐவி 28-ல் வந்தால் கால் சுமார் 2.75-தான். நஷ்டம் 20-க்கு மேல், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஸ்டாப் ஒன்றே, பங்கு விலை ஒன்றே, கையை விட்டுப் போவது மட்டும் வேறு.

அதனால் பங்கு விலை ஸ்டாப்புடன் ஒரு கால வரம்பும் வேண்டும். "பத்து நாளுக்குள் பங்கு நகரவில்லை என்றால் 475 வராவிட்டாலும் வெளியே" என்று முன்பே எழுதிவைப்பது. ஆப்ஷன் கால்குலேட்டரில் ஸ்டாப் விலையை இருமுறை போட்டுப் பாருங்கள்: இன்றைய தேதிக்கு ஒருமுறை, கால வரம்பு முடியும் தேதிக்கு ஐவியைக் கொஞ்சம் குறைத்து ஒருமுறை. இரண்டாவது விடைதான் திட்டமிட வேண்டிய நஷ்டம்.

ட்ரிகர் ஆனபின் எந்த ஆர்டர் போகிறது என்பதும் முக்கியம். பிட் 11, ஆஸ்க் 13.5 என்று இடைவெளி உள்ள ஆப்ஷனில் மார்க்கெட் ஆர்டர் போனால், வாங்குபவர் கூட்டம் மெலிந்திருக்கும் அந்த நொடியில் 10-க்கோ 9-க்கோ விற்றுப்போகலாம். பிட்டுக்குச் சற்றுக் கீழே லிமிட் வைத்து, நிறைவேறாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதையும் தீர்மானித்திருக்க வேண்டும்.

தவறு 3: எந்த விலை ட்ரிகர் செய்கிறது என்று பார்க்காமல் விடுவது

பிரீமியம் ஸ்டாப் பல தளங்களில் கடைசியாகக் கைமாறிய விலையில் இயங்கும். சிலவற்றில் பிட் அல்லது ஆஸ்க்கில் இயங்கும். அதிகம் கைமாறாத ஸ்ட்ரைக்கில், காலைத் தொடக்க நிமிடங்களில் ஆஸ்க் தாறுமாறாக உயர்ந்து நிற்கும். 10.3-க்கு ஒரு புட்டை விற்று 20.6-ல் ஸ்டாப் வைத்தவருக்கு, பங்கு அசையாதபோதே யாரோ ஒருவரின் அவசர ஆர்டர் 21-ல் கைமாறினால் போதும், ஸ்டாப் கிளம்பி மோசமான விலைக்குத் திரும்ப வாங்கிவிடும். ஐந்து நிமிடத்தில் அந்தப் புட் மறுபடி 10.5-ல் நிற்கும். உங்கள் தளத்தின் விதியைப் படித்து, ஆர்டர் அன்றைக்கு மட்டுமா, ரத்து செய்யும்வரை நிற்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் காலாவதியான ஸ்டாப் மறுநாள் காலையில் இருக்காது.

தவறு 4: கேப்பை ஸ்டாப் தடுக்கும் என்று நம்புவது

ஸ்டாப் என்பது ஒரு கட்டளை மட்டுமே. 475-க்கும் 430-க்கும் நடுவே எந்த விலையிலும் வர்த்தகம் நடக்கவில்லை என்றால் அந்தக் கட்டளை நிறைவேற இடமே இல்லை. 2022 பிப்ரவரி 3 அன்று காலாண்டு முடிவுக்குப் பிறகு மெட்டா பங்கு ஒரே நாளில் 26 சதவீதம் விழுந்தது. சரிவின் பெரும்பகுதி முந்தைய நாள் சந்தை மூடிய பிறகே நடந்து முடிந்திருந்தது. கேப் இரவில்தான் வரும் என்பதும் இல்லை. 2015 ஜனவரி 15 காலை, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று 2011 முதல் காத்துவந்த தாழ்வரம்பை சுவிஸ் தேசிய வங்கி திடீரென்று கைவிட்டபோது, வர்த்தகம் நடந்துகொண்டிருக்கும் போதே விலை பள்ளத்தில் விழுந்தது. 1.20-க்குச் சற்றுக் கீழே வைத்த ஸ்டாப்புகள் பல, வெகு கீழே உள்ள விலைகளில் நிறைவேறின.

நம் கால் ஆப்ஷனை வைத்திருப்பவரின் பங்கு மறுநாள் 430-ல் திறக்கிறது, ஐவியும் 28-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். கால் சுமார் 0.4-ல் திறக்கும். பிரீமியத்தில் 11.4 ஸ்டாப், பங்கில் 475 ஸ்டாப், இரண்டும் அந்த 0.4-ஐத்தான் தரும்.

வாங்கியவருக்கு இதில் ஒரே பாதுகாப்பு அளவு. மூலதனம் 5,00,000, ஒரு வர்த்தகத்தில் 1 சதவீதம், அதாவது 5,000 மட்டுமே இழக்கலாம், லாட் 100 பங்கு என்று கொள்வோம். ஸ்டாப் நஷ்டமான 10.9-ஐ வைத்துக் கணக்கிட்டால் 4 லாட் வாங்கத் தோன்றும். அந்தக் கேப்பில் 4 லாட்டின் நஷ்டம் 9,000. முழுப் பிரீமியமும் போகும் என்று கொண்டு கணக்கிட்டால் 2 லாட், நஷ்டம் 4,500. முடிவு அறிவிப்பு போன்ற நாளைத் தாண்டி வைத்திருப்பதானால் இந்த இரண்டாவது கணக்கே சரி.

விற்றவரின் நிலை இதைவிடக் கடினம். அதே நிலவரத்தில் 470 புட்டை விற்றால் 10.3 கிடைக்கும். இரட்டிப்பானால் வெளியே என்று 20.6-ல் ஸ்டாப், நஷ்டம் 10.3-தான் என்று கணக்கு. பங்கு 430-ல் திறந்தால் அந்தப் புட் 42-க்கு மேல் திறக்கும். ஸ்டாப் மார்க்கெட் ஆர்டராக இருந்தால் நஷ்டம் குறைந்தது 32, ஆஸ்க் விரிந்திருந்தால் இன்னும் கூடும். 22-ல் லிமிட் வைத்த ஸ்டாப் என்றால் அதைவிடச் சிக்கல்: ட்ரிகர் ஆகும், நிறைவேறாது, புட் அப்படியே கழுத்தில் நிற்கும். குறியீட்டுச் சரிவில் ஐவியும் ஏறுவதால் எண்கள் இன்னும் மோசமாகும்.

இங்கே வேலை செய்வது ஸ்டாப் அல்ல, கீழே ஒரு புட் வாங்கிவைப்பது. 450 புட் 5.3-க்குக் கிடைக்கும். கையில் மிஞ்சும் பிரீமியம் 5-ஆகக் குறையும், ஆனால் பங்கு எவ்வளவு விழுந்தாலும் உச்ச நஷ்டம் 20-லிருந்து 5 போக 15. மேலே சொன்ன 430 திறப்பில் இரண்டு புட்டும் சேர்ந்த இந்த ஸ்ப்ரெட்டின் நஷ்டம் ஏறக்குறைய 11, தனிப் புட்டுக்கு 32. பிரீமியத்தில் பாதியைக் கொடுப்பது வலிக்கும் என்பது உண்மைதான். கேப் வராத மாதங்களில் அது வீண் செலவாகவே தெரியும்.

அப்படி வாங்கிய 450 புட்டுக்குத் தனியாக ஒரு பிரீமியம் ஸ்டாப் வைத்துவிடாதீர்கள். அமைதியான வாரத்தில் அது தேய்ந்து 2.6-க்கு வந்ததும் ஸ்டாப் அதை விற்றுவிடும், 470 புட் மட்டும் காப்பில்லாமல் நிற்கும். மூடுவதானால் இரண்டையும் ஒரே ஆர்டராக மூடுங்கள். அது முடியாத தளத்தில் முதலில் விற்ற 470-ஐத் திரும்ப வாங்கி, பிறகு 450-ஐ விற்றுவிடுங்கள்.