ஆளில்லாத நடைவழியில் விளக்கு தானாக எரிகிறதா? பிஐஆர் சென்சாரைச் சரிசெய்யும் முறை

ஆள் அசைவை உடல் வெப்பத்தால் உணரும் பிஐஆர் சென்சாரை நடைவழியில் மாட்டியவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: யாருமே போகவில்லை, ஆனால் விளக்கு எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது. உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து சென்சார் பலகையில் உள்ள ஆரஞ்சு நிறத் திருகுகளைத் திருப்பத் தொடங்கிவிடுவோம். உண்மையில் கடைசியாகத் தொட வேண்டியவை அவைதான். காரணம் சென்சார் பார்க்கும் காட்சியில் இருக்கிறதா, அதற்குப் போகும் மின்சாரத்தில் இருக்கிறதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் திருகைத் திருப்பினால் ஆள் வரும்போதும் எரியாத விளக்குதான் மிஞ்சும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் அமைப்பு: HC-SR501 சென்சார், ஆர்டுயினோ ஊனோ, 5 வோல்ட் ரிலே பலகை, ஓர் எல்இடி பல்பு. நடைவழி 6 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், கூரை உயரம் 2.4 மீட்டர். ஒரு முனையில் வெளிக்கதவு, அதன் வழியே பிற்பகல் வெயில் தரையில் விழும்.

சென்சார் எதைப் பார்க்கிறது?

வெள்ளைக் குமிழ் லென்ஸுக்குள் இருக்கும் சிறிய உலோக மூடியில் இரண்டு உணர்பகுதிகள் அருகருகே உள்ளன. இரண்டிலும் ஒரே அளவு வெப்பக்கதிர் விழுந்தால் ஒன்றை மற்றொன்று சமன்செய்துவிடும். ஒன்றில் கூடி மற்றொன்றில் குறையும்போதுதான் சைகை பிறக்கும். குமிழில் தெரியும் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு தனி லென்ஸ். அவை அறையைப் பல கீற்றுகளாகப் பிரிக்கின்றன. ஆள் ஒரு கீற்றிலிருந்து அடுத்ததற்குக் கடக்கும்போது சென்சார் விழிக்கிறது. அதனால் குறுக்கே நடப்பவரை அது சட்டென்று காணும். நேராக அதை நோக்கி வருபவரைத் தாமதமாகவே காணும்.

பிறக்கும் சைகை மிகமிகச் சிறியது. பலகையில் உள்ள சில்லு அதைப் பல ஆயிரம் மடங்கு பெருக்குகிறது. வெயில் பட்ட திரைச்சீலையின் அசைவும் பெருகும், மின்வழங்கலில் வரும் சிறு குலுக்கலும் பெருகும்.

படி 1: பல்பைக் கழற்றிவிட்டுக் கணக்கெடுங்கள்

முதல் சோதனை முழுவதும் 5 வோல்ட்டில்தான். வீட்டு மின்சாரம் செல்லும் பல்பு வயரை மெயின் சுவிட்சை அணைத்தபின் ரிலேயிலிருந்து கழற்றி, முனைகளை மூடிவையுங்கள். சென்சாரின் `VCC` முனையை 5 வோல்ட்டுக்கும், `GND` முனையைத் தரைக்கும், `OUT` முனையை ஆர்டுயினோவின் 2ஆம் முனைக்கும் கொடுங்கள். ரிலேயின் சைகை வயர் 7ஆம் முனைக்கு உரியது. இப்போதைக்கு அதைச் செருக வேண்டாம்.

```
const int PIR = 2, RELAY = 7;
int last = LOW;
void setup() {
  Serial.begin(9600);
  pinMode(PIR, INPUT);
  pinMode(RELAY, OUTPUT);
  delay(60000);
}
void loop() {
  int s = digitalRead(PIR);
  if (s != last) {
    digitalWrite(RELAY, s);
    Serial.print(millis() / 1000);
    Serial.println(s == HIGH ? " ON" : " OFF");
    last = s;
  }
}
```

தொடக்கத்தில் 60 விநாடி காத்திருப்பது வீணல்ல. மின்சாரம் வந்த முதல் ஒரு நிமிடம் சென்சார் நிலைக்கு வரும் நேரம். அப்போது ஓரிரு முறை தவறாக விழிப்பது இயல்பு. மின்தடைக்குப் பிறகு விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தால் அதைக் கோளாறு என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்து, நேரத்திருகைக் குறைந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு திருகுகளில் எது நேரம், எது உணர்திறன் என்று குழப்பம் வரும். எல்லாப் பலகைகளிலும் எழுத்து தெளிவாக இருப்பதில்லை. எதைத் திருப்பினால் கணினியின் சீரியல் மானிட்டர் திரையில் `ON` வரிக்கும் `OFF` வரிக்கும் இடைப்பட்ட விநாடிகள் மாறுகின்றனவோ அதுவே நேரத்திருகு. முழுச்சுற்று சுற்றாது, முக்கால் சுற்றில் முட்டும். அதற்குமேல் அழுத்தினால் உடைந்துவிடும். குறைந்த அளவில் ஒவ்வொரு விழிப்பும் சுமார் 3 விநாடி நீடிக்கும்.

நடைவழியை விட்டு எல்லோரும் விலகியபின் அரை மணி நேரம் ஓடவிட்டு, எத்தனை `ON` வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: சென்சாரின் கண்ணை மூடுங்கள்

சோதனைகளில் அதிகம் சொல்லித்தருவது இதுதான், செலவும் இல்லை. ஒரு காகிதக் கோப்பையின் வெளிப்புறம் முழுவதும் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றி, லென்ஸின் மேல் கவிழ்த்து ஒட்டுங்கள். தாள் பலகையின் பின்புற ஈயப்புள்ளிகளைத் தொடக்கூடாது. உள்ளே இருக்கும் காற்று நிலைகொள்ள பத்து நிமிடம் விட்டு, பிறகு மறுபடி அரை மணி நேரக் கணக்கு எடுங்கள்.

மூடியபின் விழிப்புகள் நின்றுவிட்டால் சென்சார் உண்மையில் எதையோ பார்க்கிறது என்று பொருள். நேராகப் படி 4க்குப் போகலாம். மூடியபின்னும் விழிப்புகள் வந்துகொண்டே இருந்தால் கோளாறு வயரிலோ அடாப்டரிலோ பக்கத்திலுள்ள வைஃபை பலகையிலோ இருக்கிறது. அப்படியானால் சென்சாரின் `VCC`, `GND` முனைகளுக்கு மிக அருகில் 220 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். கோடு போட்ட பக்கம் `GND`க்கு. மலிவான போன் சார்ஜரில் ஓடினால் வேறொன்றை மாற்றிப் பாருங்கள். வைஃபை பலகை சென்சாரின் முதுகில் ஒட்டியிருந்தால் 30 சென்டிமீட்டர் தள்ளிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றிய பின் எண்ணிப் பாருங்கள்.

படி 3: ரிலேயையும் பல்பையும் ஒவ்வொன்றாகச் சேருங்கள்

கோப்பை அப்படியே இருக்கட்டும். ரிலேயின் சைகை வயரை 7ஆம் முனையில் செருகுங்கள். பல்பு இன்னும் வேண்டாம். கோப்பையை ஒருமுறை எடுத்து, கையசைத்து, உடனே மூடுங்கள். சில ரிலே பலகைகள் தலைகீழாக வேலை செய்யும். அப்படியானால் நிரலில் `digitalWrite(RELAY, s);` வரியில் உள்ள `s` என்பதை மட்டும் `!s` ஆக்கி, `pinMode(RELAY, OUTPUT);` வரிக்கு முன்னால் `digitalWrite(RELAY, HIGH);` என்று சேர்த்தால் போதும். இப்போது திரையில் இப்படி வந்தால் கவனியுங்கள்:

```
412 ON
415 OFF
418 ON
421 OFF
424 ON
```

கையசைத்தது ஒருமுறை. கண்ணோ மூடியிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு `OFF`க்கும் சரியாக 3 விநாடி கழித்து `ON` வருகிறது. சென்சார் சைகை அணைந்ததும் ஏறக்குறைய இரண்டரை முதல் 3 விநாடி எதையும் ஏற்காமல் தூங்கும். சுமை அணையும்போது வரும் குலுக்கலைத் தாண்டத்தான் அந்த உறக்கம். அது முடிந்ததும் மீண்டும் விழிக்கிறது என்றால் ரிலே விடும்போது எழுந்த குலுக்கல் இன்னும் அடங்கவில்லை. 5 வோல்ட் ரிலேச் சுருள் சுமார் 70 மில்லிஆம்பியர் இழுக்கும். அது திடீரென நிற்கும்போது பலவீனமான வழங்கலில் மின்னழுத்தம் எகிறும். ரிலேக்குத் தனி 5 வோல்ட் வழங்கல் கொடுத்து, தரை வயரை மட்டும் பொதுவாக வைத்தால் பெரும்பாலும் அடங்கும். வெறும் ரிலேயை டிரான்சிஸ்டரால் ஓட்டுபவர்கள் சுருளின் குறுக்கே 1N4007 டையோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ரிலேயோடு அமைதியாக இருந்தால், மெயினை அணைத்துப் பல்பு வயரை மாட்டி, கோப்பையை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். இப்போது மட்டும் அதே 3 விநாடித் தாளம் வந்தால் சென்சார் தன் விளக்கையே பார்க்கிறது. எரிந்து சூடான பல்பு அணைந்ததும் ஆறுகிறது; அந்த வெப்ப மாற்றம் ஆள் போனது போலத் தெரிகிறது. பல்பைச் சென்சாரின் பார்வைக்கு வெளியே நகர்த்துங்கள். முடியாவிட்டால் நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு வையுங்கள்.

படி 4: இடமும் மறைப்பும்

பலரும் நடைவழியின் ஒரு முனைச் சுவரில் மாட்டி எதிர்முனையைப் பார்க்கவைக்கிறார்கள். அப்போது எல்லோரும் சென்சாரை நோக்கியே நடப்பதால் சரியாகத் தெரியாது, உணர்திறனைக் கூட்ட வேண்டிவரும். கூட்டினால் வெளிக்கதவு வெயிலும் உள்ளே வந்துவிடும். கூரையின் நடுவில் கீழ்நோக்கி மாட்டுவது நல்லது. பார்வைக்கூம்பு 110 பாகை என்று வைத்தால், ஒரு பக்கத்துக்கு 55 பாகை. தரையில் எட்டும் தூரம் 2.4 × 1.43, அதாவது சுமார் 3.4 மீட்டர். இரு பக்கமும் சேர்த்து 6.8 மீட்டர் ஆகிறது. 6 மீட்டர் நடைவழிக்குத் தாராளம்.

மாட்டும்போது சென்சாரை 90 பாகை திருப்பி இரு நிலையிலும் நடந்து பாருங்கள். இரண்டு உணர்பகுதிகளும் நடக்கும் திசையில் வரிசையாக இருக்கும் நிலையில் தூரத்திலேயே விழிக்கும்.

தாராளமாக உள்ள அந்த 40 சென்டிமீட்டர்தான் வெளிக்கதவருகே தொல்லை தரும். தவறான விழிப்புகள் பிற்பகலில் மட்டும், அல்லது காற்றடிக்கும்போது மட்டும் வந்தால் அந்தப் பக்கத்தை மறையுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் 5 மில்லிமீட்டர் அகலக் கீற்று வெட்டி, குமிழின் கதவுப் பக்க விளிம்பில் வெளிப்புறமாக ஒட்டுங்கள். கதவிலிருந்து உள்நோக்கி நடந்து, எந்த இடத்தில் விழிக்கிறது என்று தரையில் சாக்பீஸால் குறியுங்கள். குறி வாசற்படிக்கு உள்ளே அரை மீட்டருக்கு வந்தால் போதும். வரவில்லை என்றால் இன்னொரு கீற்று. சரியான அளவு கிடைத்தபின் லென்ஸைக் கழற்றி உட்புறம் ஒட்டினால் பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

படி 5: இப்போது திருகுகள்

பலகையின் ஜம்பர் `H` நிலையில் இருக்கட்டும். அதில் ஆள் அசையும் வரை நேரம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். `L` நிலையில் நடந்துகொண்டிருக்கும்போதே விளக்கு அணையும்.

உணர்திறன் திருகை முதலில் குறைந்த முனைக்குக் கொண்டுவாருங்கள். எந்தத் திசையில் திருப்பினால் கூடும் என்பது பலகைக்குப் பலகை மாறுவதால் நடந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நடைவழியின் ஒரு முனையில் இயல்பாக நுழையுங்கள். விழிக்கவில்லை என்றால் கடிகாரத்தின் மணி முள் அரை மணி நேரத்தில் நகரும் அளவுக்கு மட்டும் கூட்டி, 10 விநாடி நின்று, மறுபடி நுழையுங்கள். இரு முனையிலும் மூன்று முறைக்கு மூன்று முறையும் விழிக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

இதை நாளின் வெப்பமான நேரத்தில் செய்யுங்கள். சுவரின் சூடு உடல் சூட்டை நெருங்கும்போது இரண்டுக்கும் வேறுபாடு குறைந்து சென்சார் மந்தமாகும். அதிகாலைக் குளிரில் சரிசெய்தது பிற்பகலில் ஆளைக் காணாமல் போகலாம். மறுபுறம், வெயில் நேரத்தில் தேவைக்குமேல் கூட்டிவைத்தது அதிகாலையில் பூனைக்கும் எரியும். அளவான இடத்தில் நிறுத்தினாலும் பூனை குறுக்கே போனால் எரியத்தான் செய்யும். ஒற்றைச் சென்சாரால் அதைப் பிரித்தறிய முடியாது.

நேரத்திருகுக்கு வருவோம். 6 மீட்டரை ஒருவர் நிதானமாகக் கடக்க 8 விநாடி போதும். கதவைப் பூட்டித் திறக்கும் நேரத்தையும் சேர்த்து 30 முதல் 45 விநாடி வைக்கலாம். மூன்று, நான்கு நிமிடம் என்று வைத்தால் தவறான விழிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கோளாறு தீர்ந்தது போலத் தோன்றும். விளக்கோ இரவெல்லாம் எரியும். அதனால் நேரத்தைக் கூட்டுவதற்கு முன்பே, 3 விநாடி அளவில், ஓர் இரவு முழுக்கக் கணினியோடு இணைத்து ஓடவிட்டு வரிகளை எண்ணிவிடுங்கள். யாரும் எழாத இரவில் ஒன்றிரண்டு `ON` வந்திருந்தால் லென்ஸைத் துடைத்துவிட்டு, அதன்மேல் பூச்சி ஊர்ந்த தடமோ சிலந்தி நூலோ இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குமேல் இருந்தால் கோப்பையோடு படி 2க்குத் திரும்ப வேண்டியதுதான்.